கிருபா லேர்னர்ஸின் ஒறிஜினல் ஓடியோ

வெள்ளவத்தையில் கார் பழக்குகிற ஒரு பெண் இருக்கிறாள், அவள் சத்தம் போடமாட்டாள் என்ற பேச்சு, எந்த விளம்பரமும் இல்லாமல் சில வருடங்கள் வீடு வீடாகப் பரவியது. அவள் பெயர் றேணுகா. ஊர் கொட்டாஞ்சேனை. கணவன் கிளெமென்ற், துறைமுகத்தில் வந்து இறங்கும் கொள்கலன்களின் இலக்கங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தான். கல்யாணம் முடித்த காலத்தில் றேணுகா பாடசாலை வான் ஓட்டினாள். பின்னால் இருபது பிள்ளைகள் கத்த, முன்னால் ஜம்பட்டா வீதி அடைத்துக் கிடக்க, பதறாமல் ஓட்டப் பழகியது அந்த வானில்தான். பிறகு பயிற்றுநர் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு, காலி வீதியில் கிருபாகரன் நடத்திய சாரதிப் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்தாள். அந்த மாதிரி இடங்களைக் கொழும்பில் யாரும் பாடசாலை என்று சொல்வதில்லை. லேர்னர்ஸ் என்பார்கள். அவருடையது கிருபா லேர்னர்ஸ்.

அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். வேறு இடத்தில் பழகி, ஆண் பயிற்றுநரிடம் ஏச்சு வாங்கி, பாதியில் விட்டவர்கள். புருசன் பக்கத்தில் இருந்து பழக்கப் போய், வீடு வரும்வரை சண்டை பிடித்தவர்கள். அவளுடைய பழைய அல்ட்டோ காரில், பயிற்றுநர் இருக்கும் இடதுபக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கார் எங்கேயாவது திணறி நின்று, பின்னால் வாகனங்கள் அலறத் தொடங்கினால், அவள் குரலை உயர்த்தமாட்டாள். இன்னும் கொஞ்சம் தணிப்பாள்.

"பயப்படாதீங்க. என்ட காலும் பிரேக்கிலதான் இருக்கு."

இதை அவள் யோசித்துச் சொன்னதில்லை. வானில் பிள்ளைகளிடம் "இருங்க, இருங்க" என்று சொன்ன மாதிரித்தான் இதுவும் வாயில் வந்தது.

கிருபாகரன் கெட்டவர் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சம்பளம் பிந்தாது. பயிற்றுநர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் போடமாட்டார். ஆனால் நாலு கடை தள்ளி இன்னொரு லேர்னர்ஸ் திறந்தது. அவர்களின் இன்ஸ்டகிராம் பக்கத்தில் இளம் பெடியன்கள் காருக்கு முன்னால் ஆடினார்கள், ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்த்தார்கள். கிருபாகரனுக்கு நித்திரை கெட்டது.

அவரும் ஆட வைத்தார். அந்த மாதம் எல்லாருடைய கைபேசியிலும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு இந்தியப் படப் பாட்டுக்கு, மூன்று பயிற்றுநர்கள் எல் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடலோர வீதியான மெரின் டிறைவில் ஆட வேண்டியிருந்தது. ஒருவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், முழங்கால் வருத்தம். றேணுகா மூன்றாவது ஆளாக ஓரத்தில் நின்று கையை மட்டும் அசைத்தாள். வர்த்தகக் கணக்குக்கு அந்தப் பாட்டைத் தேடினால் வரவில்லை. அப்படியான கணக்குகளுக்குப் பிரபல பாட்டுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிருபாகரன் கணக்கின் வகையை மாற்றிப் பாட்டைப் போட்டார். நிறையப் பேர் பார்த்தார்கள். கருத்து எழுதியவர்கள் திருச்சியிலும் துபாயிலும் இருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. கொஞ்ச நாளில் உரிமைப் பிரச்சினை என்று பாட்டும் ஊமையாக்கப்பட்டது. மூன்று பேர் சத்தமில்லாமல் ஆடுகிற காட்சி மட்டும் பக்கத்தில் மிஞ்சியது.

அதற்குப் பிறகுதான் தாரிகா வந்தாள்.

தாரிகா இராமகிருஷ்ண வீதியில் வளர்ந்தவள். ஒரு கேக் கடை, ஒரு பல் வைத்தியர், ஒரு சாரிக்கடை என்று சின்னச் சின்ன வியாபாரங்களின் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொடுத்தாள். வந்தவுடன் கமராவை எடுக்கவில்லை. "அக்கா, நான் பின்சீற்றில இருந்து வரட்டே? ஒண்டும் செய்யமாட்டன், சும்மா பார்க்கிறன்" என்று றேணுகாவிடம் கேட்டாள். பழகுகிறவர்களின் சம்மதத்தோடு ஒரு கிழமை பின்சீற்றில் சுற்றினாள். பிறகு கிருபாகரனின் அறையில் கைபேசியை நீட்டி, ஆட்டக் காட்சியைக் காட்டினாள்.

"அண்ணா, இதில இருக்கிற எல் போர்டை எடுத்திட்டு ஒரு பல் டொக்டரின்ர போர்டை வைச்சா, ஏதாவது வித்தியாசம் தெரியுமோ?"

கிருபாகரன் பார்த்தார். "தெரியாதுதான்."

"அப்ப அது எங்கட இல்லை. பாட்டுக்கு வந்த சனம் பாட்டோட போயிடும். டிரெண்ட் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஒரு ஓடியோ பரவத் தொடங்கினா அதின்ர பேருக்குப் பக்கத்தில மேல் நோக்கி ஒரு அம்புக்குறி காட்டும், அப்பவே எடுக்கவேணும், எல்லாரும் செய்து முடிச்ச பிறகு போட்டாப் பகிடிதான். எடுக்க முன்னம் மற்ற ஆக்கள் அந்த ஓடியோவை என்னத்துக்குப் போடினம் எண்டு கீழ இறங்கிப் பார்க்கவேணும். சிங்களத்தில அதுக்கு வேற கருத்து இருந்தா, கொழும்பில பாதிப்பேர் எங்களைப் பார்த்துத்தான் சிரிப்பினம். கன நேரம் பாட்டே தேவையில்லை, அந்த வீடியோவின்ர அமைப்பை மட்டும் எடுக்கலாம். உள்ளுக்கு எங்கட விசயம் இருக்கவேணும்."

"எங்கட விசயம் எண்டா?"

தாரிகா சன்னலுக்கு வெளியே, காரைத் துடைத்துக்கொண்டு நின்ற றேணுகாவைக் காட்டினாள்.

அந்த நாட்களில் ஒரு வீடியோ அமைப்பு பரவிக்கொண்டிருந்தது. மேலே "மற்றவர்கள்" என்று ஒரு எழுத்து, கீழே "நாங்கள்" என்று இன்னொன்று, பின்னணியில் மெல்லிய பியானோ. அந்தப் பியானோ வர்த்தகக் கணக்குகளுக்கும் கிடைக்கிற ஒன்று. தாரிகா அதைத் தேர்ந்தெடுத்தாள். சத்தத்தை அடியில் கேட்டும் கேளாமலும் வைத்து, காருக்குள் நடக்கிற பேச்சு மேலே தெளிவாகக் கேட்கவேண்டும் என்றாள். முன்கண்ணாடியில் உள்பக்கம் பார்க்கிற சிறிய கமரா ஒன்று பொருத்தப்பட்டது. அதில் பதிவாகிறதெல்லாம் அலுவலகக் கணினிக்குப் போகும். பழகுகிறவரின் முகம் எக்காரணம் கொண்டும் வெளியே போகக்கூடாது, கை, ஸ்டியரிங், றேணுகாவின் பக்கம், இவ்வளவுதான் என்று தாரிகா வைத்த விதிக்குக் கிருபாகரன் தலையாட்டினார்.

றேணுகா ஒவ்வொருவரிடமும் தானே கேட்டாள். "உங்கட முகம் வராது. நான் பொறுப்பு."

அப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவர் அன்னபாக்கியம். அறுபதை நெருங்கியவர், யாழ்ப்பாணத்தார், வெள்ளவத்தையில் நெடுங்காலம். கணவர் நாகேந்திரத்துக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்குப் பல தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டில் கார் நின்றது, ஓட்ட ஆள் இல்லை. மகன் கனடாவில். "இந்த வயசில ஏன் அம்மா உங்களுக்கு?" என்று அவன் தொலைபேசியில் கேட்டதை அவர் றேணுகாவிடம் சொல்லியிருந்தார். காருக்குள் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். எதிரே பார்த்தபடி பேசுவதால் வெட்கம் குறைவு.

அன்னபாக்கியத்துக்கு ஒரு கெட்ட நாள் இருந்தது. மெரின் டிறைவுப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பின்னுக்கு எடுக்கும்போது, பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்துவிட்டார். றேணுகா தன் பக்கப் பிரேக்கை அழுத்துவதற்குள் பின்சில்லு நடைபாதையில் ஏறி, செவ்விளநீர்க் குவியலில் முட்டியது. யாருக்கும் காயமில்லை. இளநீர்கள் மட்டும் வீதி முழுக்க உருண்டன. அன்னபாக்கியம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். றேணுகா இறங்கிப்போய், இளநீர்க்காரனிடம் "தம்பி, கோபப்படாதே, அம்மா இப்பதான் பழகுறா" என்று சிங்களத்தில் சமாதானம் சொல்லி, அவனோடு சேர்ந்து எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கிவிட்டு வந்தாள். "இனி நான் ஓடமாட்டன் பிள்ளை" என்றார் அன்னபாக்கியம். மறுநாள் றேணுகா வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். அவர் வந்தார்.

சில கிழமைகளுக்குப் பிறகு, காலி வீதிச் சந்தியொன்றில் பச்சை விழுந்ததும் அன்னபாக்கியத்தின் கார் உறுமி நின்றுபோனது. பின்னால் தனியார் பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. கமராவில் பதிவானது இதுதான்.

"ஐயோ பிள்ளை, பஸ்காரன் அடிக்கிறான்!"

"அடிக்கட்டும் அன்ரி. ஹோர்ன் அவன்ட, ரோட் எங்கட. மெதுவா கிளச்ச விடுங்க. பயப்படாதீங்க, என்ட காலும் பிரேக்கிலதான் இருக்கு."

கார் நகர்ந்தது. "ஆ, போகுது!" என்று அன்னபாக்கியம் சிரித்தார். வீடியோவில் அவருடைய கைகளும் அந்தச் சிரிப்பும் மட்டுமே இருந்தன. பியானோ கேட்டதாகவே பலருக்குத் தெரியாது.

அது எப்படிப் போனது என்று சொல்வதற்குக் கொட்டாஞ்சேனை மரக்கறிக்கடைக்காரர் றேணுகாவைக் கண்டதும் "ஹோர்ன் அவன்ட, ரோட் எங்கட" என்று சொன்னதே போதும். அழைப்புகள் வந்தன, இந்த முறை தெஹிவளையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிற அம்மாமாரின் பெயரைப் பதிந்தார்கள். அன்னபாக்கியமே அதைத் தன் தங்கைக்கு அனுப்பி, "இது என்ர கை" என்று எழுதியிருந்தார்.

தாரிகா பியானோ இல்லாத பதிவையும் தனியாகப் போட்டிருந்தாள். பிறகு நடந்தது அவளே எதிர்பாராதது. றேணுகாவின் குரலை மற்றவர்கள் எடுத்துப் போடத் தொடங்கினார்கள். மட்டக்குளியில் ஒரு தாதி, ஊசிக்குப் பயந்த பிள்ளையின் கையைப் பிடிக்கிற காட்சிக்குப் போட்டாள். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும் காட்சிக்குப் போட்டான். எல்லாவற்றின் அடியிலும் சின்ன எழுத்தில் "ஒறிஜினல் ஓடியோ, கிருபா லேர்னர்ஸ்" என்று இருந்தது. கிளெமென்ற் அதைத் தன் கைபேசியின் மணியோசையாக வைத்துக்கொண்டான். துறைமுகத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் கூட இருந்தவர்கள் மிச்சத்தைச் சேர்ந்து சொன்னார்கள். அவனுக்கு அது பெருமை. றேணுகாவுக்கும் அந்தக் கொஞ்ச நாள் பெருமைதான். வானில் அவளை "ட்ரைவர் அன்ரி" என்று மட்டும் அறிந்திருந்த தாய்மார் இப்போது பெயர் சொல்லி அழைத்தார்கள்.

கிருபாகரனுக்குப் போதவில்லை. ஒருநாள் அவர் ஒரு கறுப்புக் கண்ணாடியும், அந்த வாசகம் அச்சடித்த ரீசேட்டும் கொண்டுவந்தார்.

"றேணுகா, இதைப் போட்டுக்கொண்டு கார்க் கதவைத் திறந்து இறங்கி, கமராவைப் பார்த்து ஒருக்காச் சொல்லுங்கோ. பின்னால அந்த அதிரடி மியூசிக் வரும். இப்ப எல்லாரும் அதுதான் போடினம்."

"சேர், பழகுற ஆள் பக்கத்தில இல்லாம யாருக்குச் சொல்ற?"

"சனத்துக்குச் சொல்லுங்கோ."

தாரிகா குறுக்கிட்டாள். "அண்ணா, அக்கா பயந்த ஒராளுக்குச் சொல்லேக்கதான் அது நல்லாயிருக்கு. ஹீரோ மாதிரிச் சொன்னா அக்காவின்ர குரலே வராது."

றேணுகா சொன்னாள், ஏழெட்டுத் தரம் எடுத்தும் அந்தக் குரல் வரவில்லை. போட்டார்கள். "நடிக்கிறா", "காசுக்குச் சொல்றா" என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். அந்த எழுத்துகளை றேணுகா காருக்குள் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அதன் பிறகு பாடம் நடக்கும்போது அந்த வாசகத்தைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிடுவாள். சொன்னால் நடிப்பது போலிருந்தது, சொல்லாவிட்டால் பழகுகிறவர் "மிஸ், அதைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டார்.

பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை இறங்கியது. ஒரு ஓடியோ ஓடி ஓய்வது வழமை என்று தாரிகா விளக்கிப் பார்த்தாள். லேர்னர்ஸ் தேடுகிற ஆட்கள் இப்போதும் பழைய வீடியோக்களைச் சேமித்து வைக்கிறார்கள், அழைப்புகள் குறையவில்லை, அதுதான் முக்கியம் என்றாள். கிருபாகரன் பெரிய எண்ணைக் கண்டுவிட்டவர். அவருக்குச் சின்ன எண் தோல்வியாகத் தெரிந்தது.

அப்போது புதிதாக ஒரு ஓடியோ ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சிங்களக் கல்யாண வீட்டில் யாரோ விழுந்து விழுந்து சிரித்த சத்தம். வழுக்கி விழுகிறவர்கள், கேக்கைத் தவறவிடுகிறவர்கள், எல்லாருக்கும் அந்தச் சிரிப்பைப் போட்டார்கள். அம்புக்குறி மேல் நோக்கி இருந்தது. அந்தப் பாடத்தைக் கிருபாகரன் நன்றாகவே படித்திருந்தார். அலுவலகக் கணினியில் இருந்த பதிவுகளைத் தட்டிப் பார்த்தபோது, இளநீர்கள் உருண்ட நாள் அகப்பட்டது.

"தங்கச்சி, இதுக்கு அந்தச் சிரிப்பு எப்பிடிப் பொருந்தும் தெரியுமோ?" என்று தாரிகாவுக்கு அனுப்பினார்.

தாரிகா உடனே அழைத்தாள். "அண்ணா, அது வேண்டாம். எங்களிட்ட வாற ஆக்கள் எல்லாரும் பயந்து வாறவை. நாங்கள் சிரிக்கமாட்டம் எண்டு நம்பித்தான் வருகினம். எங்கட பிழையைப் போட்டு நாங்களே சிரிச்சா அது பகிடி. காசு தந்து பழக வந்த மனிசியைப் பார்த்துச் சிரிச்சா அது வேற. அவவின்ர முகம் முழுக்கத் தெரியுது."

"முகத்தை மறைச்சுப் போடுவம்."

"மறைச்சாலும் வேண்டாம்."

"சரி, சரி, பார்ப்பம்."

மறுநாள் காலையில் அது இன்ஸ்டகிராம் பக்கத்தில் இருந்தது. முகத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு உருவத்தை ஒட்டியிருந்தார். அன்னபாக்கியம் தலையை அசைத்தபோது அது ஒட்டிய இடத்திலேயே நின்றது. அழுகிற முகம் இரண்டு மூன்று இடத்தில் முழுதாக வெளியே தெரிந்தது. கார் ஏறியது, பின்கண்ணாடி வழியே இளநீர் உருண்டது தெரிந்தது, அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு வெடித்தது. முடிவில், சந்தியில் எடுத்த வேறொரு நாளின் குரலை வெட்டி ஒட்டியிருந்தார். "பயப்படாதீங்க, என்ட காலும் பிரேக்கிலதான் இருக்கு." அதற்கு மேல் மறுபடி சிரிப்பு. பார்க்கிறவருக்கு, றேணுகா சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள் என்றே தோன்றும்.

றேணுகா அதைப் பார்த்தது பாடத்துக்கு இடையில், சந்தியில் கார் நின்றபோது வேறொரு மாணவி கைபேசியைக் காட்டித்தான். காரை ஓரங்கட்டச் சொன்னாள். கிருபாகரனை அழைத்தாள்.

"சேர், இப்பவே எடுங்க."

"றேணுகா, பழைய வீடியோவை விட மூண்டு மடங்கு போகுது."

"அந்த அன்ரிட்ட முகம் வராது எண்டு நான்தான் சொன்னன். எடுங்க சேர்."

"பின்னேரம் எடுக்கிறன். இப்ப எடுத்தா வேஸ்ற்."

பின்னேரம் எடுக்கவில்லை. தாரிகாவிடம் கடவுச்சொல் இருந்தது, அவள் எடுக்கப் போனபோது அது மாற்றப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் கனடாவிலிருந்து அன்னபாக்கியத்தின் மகன் தொலைபேசியில் கத்திய பிறகுதான் கிருபாகரன் அழித்தார். அதற்குள் பலர் அதை இறக்கி, தங்கள் கணக்குகளில் தங்கள் ஓடியோவாக ஏற்றியிருந்தார்கள். கிருபா லேர்னர்ஸின் பெயர் அவற்றில் இல்லை. அன்னபாக்கியத்தின் அழுகை இருந்தது. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களின் குழுக்கள் வழியாக அது ரொறன்ரோ போய் லண்டன் போய்த் திரும்ப வெள்ளவத்தைக்கு வந்தது. கோயிலில் ஒரு பெண் அவரிடம் "இளநீர் என்ன விலை?" என்று கேட்டாளாம்.

றேணுகா அவர் வீட்டுக்குப் போனாள். மாடிக்குடியிருப்பு, இரண்டாம் தளம். கதவு திறந்தது, இரும்புக் கம்பிக்கதவு திறக்கவில்லை. உள்ளே சாய்கதிரையில் நாகேந்திரம் வாசல் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தார்.

"அன்ரி, நான் போடேல்ல. எனக்குத் தெரியாமத்தான் போட்டாங்க. அந்தச் சிரிப்பு என்ட இல்ல."

"நான் சிரிப்பைப் பற்றிக் கேக்கேல்லை" என்றார் அன்னபாக்கியம். குரலில் கோபம் இல்லை. முன்பு காரில் இருந்த உரிமையும் இல்லை. "கடைசியில வந்த குரல் உங்கட குரல்தானே?"

"என்ட குரல்தான். ஆனா அது அந்த நாள் சொன்னதில்ல அன்ரி. சந்தியில, கார் போச்சே, நீங்க சிரிச்சீங்களே, அண்டைக்குச் சொன்னது. வெட்டி ஒட்டியிருக்காங்க."

"அதை ஆர் பிள்ளை அறியப் போகினம்?"

றேணுகா உள்ளே நாகேந்திரத்தின் பக்கம் பார்த்தாள்.

"இவரைப் பார்க்க வாற ஆக்களும் அதைத்தான் கதைக்கினம். வருத்தக்காரனைப் பார்க்க வந்திட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கினம். மகன் சொல்லுறான், அவன் முதலே சொன்னவனாம்." அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "நீங்கள் போங்கோ. நேரமாகுது, இவருக்குச் சாப்பாடு குடுக்கவேணும்."

நாகேந்திரம் அப்போதுதான் பேசினார். "அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுத்தனீரோ?"

"அவ குடிக்கமாட்டா" என்று சொல்லி அன்னபாக்கியம் கதவைச் சாத்தினார்.

படியிறங்கி வந்து றேணுகா நேரே அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை மேசையில் வைத்தாள். கிருபாகரன் மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார் என்றுதான் அவள் பிறகும் சொல்வாள். தான் நேரில் போய் அந்த அம்மாவின் காலில் விழவும் தயார் என்றார். மகிழ்ச்சியான முகத்தோடு அந்த அம்மாவை வைத்து இன்னொரு வீடியோ எடுத்துப் போட்டால் எல்லாம் சரிவரும் என்றும் அதே மூச்சில் சொன்னார். றேணுகா வெளியே வந்துவிட்டாள். தாரிகா அதற்கு முதல்நாளே விலகியிருந்தாள்.

ஒரு வேண்டுகோளை மட்டும் றேணுகா திரும்பிப் போய் வைத்தாள். தன் குரல் உள்ளவற்றைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடும்படி.

"அது கொம்பனியின்ர கணக்கில, கொம்பனியின்ர கார்ல எடுத்தது" என்றார் கிருபாகரன். "ஓடியோ எங்கட பேரிலதான் இருக்கு. நீங்களே பாருங்கோ."

பார்த்தால் அப்படித்தான் எழுதியிருந்தது.

அவளுடைய இடத்துக்குப் புதிதாக ஒரு இளம்பெண் வந்தாள். அந்தப் பெண் ஸ்டியரிங் முன்னால் இருந்து, றேணுகாவின் குரலுக்கு வாயசைக்கிற வீடியோவைத் தாரிகா அனுப்பியபோது, றேணுகா கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். பொருத்தமாகத்தான் வாயசைத்தாள். கீழே "மிஸ் சூப்பர்" என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டில் கிளெமென்ற்றோடு சண்டை. மணியோசையை மாற்றச் சொன்னாள்.

"ஊர் முழுக்க அதைப் பாவிக்குது. உன்ட புருசன் நான் பாவிக்கக் கூடாதா?"

"ஊர் எதுக்குப் பாவிக்குது எண்டு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியும். துறைமுகத்தில் கடைசியாக அவனுக்குக் காட்டியது ஒரு ஆபாசப் பகிடி. வாசகத்தின் கருத்து திரிந்துபோயிருந்தது. தாதியும் மாப்பிள்ளையும் போட்ட காலம் முடிந்து, இப்போது குடித்துவிட்டு விழுகிறவனுக்கும் ஆளை ஏமாற்றுகிற அரசியல்வாதிக்கும் அதைப் போட்டார்கள். யாராவது "நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று பொய் சொல்கிற இடமென்றால் றேணுகாவின் குரல் கேட்டது. கிளெமென்ற் மணியோசையை மாற்றினான். ஆனால் அன்றிலிருந்து அவன் துறைமுகத்துக் கதைகளை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

மருதானையில் றமேஷ் என்பவரின் லேர்னர்ஸில் அவளுக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் அவர் அவள் பேசத் தொடங்கியதும் நிமிர்ந்து, "அட, நீங்களா அது? ஒருக்காச் சொல்லுங்க பார்ப்பம்" என்றார். அவள் சொல்லவில்லை. வீடியோ எதிலும் வரமாட்டேன், காருக்குள் கமரா வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

அங்கே அவள் அதிகம் பேசுவதில்லை. "கிளச்", "இடது", "பாருங்க" என்று ஒற்றைச் சொற்களில் பழக்கினாள். மிஸ் நல்லாப் படிப்பிக்கிறா, ஆனா முகம் கொடுத்துக் கதைக்கமாட்டா என்று மாணவர்கள் றமேஷிடம் சொன்னார்கள். ஒருநாள் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஏற்றத்தில், ஒரு வங்கியில் வேலை செய்யும் இளம்பெண் காரை நிறுத்திவிட்டாள். கார் பின்னால் சரிந்தது. பின்னால் முச்சக்கரவண்டிகள். பெண் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டாள். றேணுகா தன் பக்கப் பிரேக்கை மிதித்த அதே கணத்தில் வாயிலிருந்து அது வந்துவிட்டது, பழைய தணிந்த குரலில், முழுதாக.

பெண்ணின் பயம் பறந்தே போய்விட்டது. அவள் பக்கென்று சிரித்தாள்.

"மிஸ்! அந்த டிக்டொக்ல வாற பொம்பிள மாதிரியே சொல்றீங்க! அச்சு அசலா அவட குரல்!"

"ஓம்" என்றாள் றேணுகா. "அதைப் பாத்துத்தான் பழகினன். காரை ஸ்டார்ட் பண்ணுங்க."

அந்தப் பெண் முதல் தடவையிலேயே ட்ரயல் என்கிற ஓட்டப் பரீட்சையில் சித்தியடைந்தாள். நன்றி சொல்லப் பழங்கள் கொண்டுவந்தபோது, இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கக் கேட்டாள். றேணுகா மறுத்துவிட்டாள்.

அன்னபாக்கியத்தைப் பற்றித் தாரிகா சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. அவர் வேறு எந்த லேர்னர்ஸுக்கும் போகவில்லை. எழுத்துப் பரீட்சை சித்தியடைந்து எடுத்த பயிலுநர் அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிட்டது. காரை மகன் கனடாவிலிருந்தபடியே ஒரு தரகர் மூலம் விற்றான். நாகேந்திரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு முச்சக்கரவண்டிக்காரரைப் பிடித்திருக்கிறார்கள். மழை நாட்களில் அந்த வண்டிக்காரர் வருவதில்லை, அந்த நாட்களில் அன்னபாக்கியம் கேற்றடியில் குடையோடு நின்று போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருப்பார் என்றாள் தாரிகா.